நல்லா எழுதியிருக்கா, ஆனா கேட்டதை எழுதல. 20க்கு எவ்வளவு போடலாம்?

மத்தூர் டீச்சர்

பிளஸ் ஒன் தமிழ். பொதுத்தேர்வு இல்லைங்க, எங்க பள்ளிக்குள்ள நடத்துற எழுத்துப் பயிற்சித் தேர்வு. கேள்வி நான் போட்டது. அதை அப்படியே கொடுக்கிறேன்:

"உங்கள் ஊர் மா விவசாயிகள் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பக்க அளவில் மனு எழுதுக. கீழே உள்ள விவரங்களில் மூன்றையேனும் பயன்படுத்துக. ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவும்."

கீழே ஒரு சின்ன பெட்டி. பெங்களூரா மாங்காய் கிலோ விலை 6 ரூபாய், பறிப்புக் கூலி ஆளுக்கு 700, கூழ் ஆலை வாசலில் வண்டி காத்திருக்கும் நேரம் 2 நாள், அப்புறம் வண்டி வாடகை, அழுகல். எல்லாம் தேர்வுக்காக நான் கற்பனையா வெச்ச எண்கள்.

ஒரு மாணவி மனுவே எழுதல. தோட்டத்தைப் பத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கா. ஆரம்பம் இது:

"மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தால் யாரோ வெல்லம் காய்ச்சுவது போலிருக்கும். பூ அது. தாத்தா காயைத் தட்டிப் பார்க்க மாட்டார். காம்பை முகர்ந்து பார்ப்பார்."

கடைசி வரைக்கும் இதே தரம். ஒரு ஒற்றுப்பிழை கிடையாது. பெறுநர் இல்லை, பொருள் இல்லை, கோரிக்கை இல்லை.

நான் 4 போட்டேன். என்கூட திருத்துற சார் 14 போட்டிருக்கார். பத்து மார்க் வித்தியாசம். ரெண்டு பேரும் பேசிப் பார்த்தோம், நகரல. நீங்க சொல்லுங்க.

---

பாலக்கோடு கணக்கு

இதுல பேச என்ன இருக்கு? பூஜ்யம். வட்டத்தோட பரப்பு கேட்டா, ஒருத்தன் கோளத்தோட கன அளவை அட்சரம் பிசகாம போட்டு வைக்கிறான். கை அழகா இருக்குன்னு மார்க் போடுவேனா? கேட்ட கேள்விக்கு விடை இல்லை, முடிஞ்சது. தமிழ் வாத்தியார்கள்தான் இதை இழுத்துக்கிட்டே இருப்பீங்க.

---

நள்ளிரவு வாசகன்

அந்த "காம்பை முகர்ந்து பார்ப்பார்" வரியை நான் மூணு தடவை படிச்சேன். பதினாறு வயசுப் பொண்ணு. இதுக்கு 4 போட்டா அவ இனிமே ஜென்மத்துக்கும் எழுத மாட்டா. மனு எழுத ஆட்சியர் அலுவலக வாசல்லயே ஆள் உட்கார்ந்திருக்காங்க. இப்படி எழுத யார் இருக்கா? 18 போடலாம், ரெண்டு மார்க்கை மட்டும் தண்டனையா பிடிச்சுக்குங்க.

---

பென்னாகரம் அம்மா

என் மகளுக்கும் இதேதான் நடந்தது டீச்சர். ஒன்றிய அளவுப் போட்டியில ரெண்டு பக்கம்னு சொன்னாங்க, அவ நாலு பக்கம் எழுதிட்டா. அதிகமா எழுதினதுக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. கஷ்டப்பட்டு எழுதின புள்ளைக்கு இப்படிச் செய்யலாமா? ஒன்றரைப் பக்கம் எழுதினதுக்கெல்லாம் 4 போடாதீங்க.

---

மத்தூர் டீச்சர்

அம்மா, நீளம் பிரச்சினை இல்லைங்க. ஒரு பக்கம் கேட்டு ஒன்றரை வந்ததை நான் கண்டுக்கவே இல்லை. மனு கேட்டேன், கட்டுரை வந்திருக்கு. அதான் கேள்வி.

---

பழைய திருத்தி

டீச்சர், மார்க் சொல்றதுக்கு முன்னால ரெண்டு விஷயம் வேணும். மார்க் பங்கீட்டை எப்படி எழுதி வெச்சிருந்தீங்க? அந்த வார்த்தைகளை அப்படியே போடுங்க. அந்தப் பெட்டி கேள்வியோட அதே பக்கத்துல இருந்ததா, திருப்பினா வர்ற பக்கத்துலயா? வகுப்புல வேற யாராவது மனு எழுதாம விட்டிருக்காங்களான்னும் பாருங்க. அஞ்சாறு பேர் ஒரே மாதிரி வழி தவறியிருந்தா தப்பு கேள்வித்தாள்ல இருக்கு, பிள்ளைங்ககிட்ட இல்லை. அப்போ இந்த விவாதத்துக்கே வேலை இல்லை.

கணக்கு சாருக்கு ஒரு வார்த்தை. உங்க பாடத்துலயே கேள்வியில இருக்கிற 35ஐ 53ன்னு பார்த்து எழுதிட்டு, மீதி வழி முழுக்கச் சரியாப் போட்டவனுக்கு நீங்க பூஜ்யமா போடுறீங்க?

---

பாலக்கோடு கணக்கு

இல்லை. ஒரு மார்க் பிடிச்சுட்டு வழிமுறைக்கு மீதியைக் கொடுப்போம். ஆனா அவன் அதே கணக்கைத்தானே போட்டான்? இந்தப் பொண்ணு வேற கணக்கு போட்டிருக்கு.

---

மத்தூர் டீச்சர்

பெட்டி அதே பக்கத்துலதான் இருந்தது ஐயா, கேள்விக்கு நேர் கீழே. மத்த எல்லாரும் மனுதான் எழுதியிருக்காங்க. ஒருத்தன் மட்டும் வேற மாதிரி, அதை அப்புறம் சொல்றேன்.

பங்கீடு, தேர்வுக்கு முந்தின வாரமே கரும்பலகையில எழுதிப் போட்டது:

பணி நிறைவு 8 (பெறுநர், பொருள் 2, விவரங்கள் 3, கோரிக்கை 3)
அமைப்பு 3
மொழி 6: பெறுபவருக்கும் நோக்கத்துக்கும் ஏற்ற நடை
பிழையின்மை 3

---

14 போட்டவன்

நான்தான் அந்த சார். டீச்சர் லிங்க் அனுப்பினாங்க, சரி வந்து பேசுவோம்னு வந்தேன்.

பணிக்கு 3 கொடுத்தேன். ஏன்னா அவ மா விவசாயியோட கஷ்டத்தைத்தான் எழுதியிருக்கா, தாஜ்மஹாலைப் பத்தி எழுதல. அமைப்பு 2, மொழி 6, பிழையின்மை 3. கூட்டினா 14. என் இஷ்டத்துக்கு ஒரு மார்க்கும் போடல, பங்கீட்டுப்படி போட்டேன். டீச்சர் போட்ட 4 எங்கேயிருந்து வருதுன்னு அவங்களால காட்ட முடியல. பிழையின்மைக்கே 3 போயிடுது, மீதி ஒரு மார்க்தானா மத்த எல்லாத்துக்கும் சேர்த்து?

---

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு

வாத்தியார் எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் விவசாயி, இந்தப் பக்கம் சும்மா படிக்கிறதுதான், எழுதறதில்லை. மா, மனு ரெண்டும் வந்துட்டதால எழுதறேன்.

திங்கட்கிழமை குறைதீர் நாள்ல மனு கொடுத்திருக்கேன். அங்க நடக்கிறது என்னன்னா, மனுவை வாங்கறவங்க முதல்ல பொருள் வரியைப் பாக்கறாங்க. அப்புறம் கடைசிப் பத்தியில என்ன கேட்டிருக்குன்னு பாக்கறாங்க. எந்தத் துறைன்னு முடிவு பண்ணி பதிவு எண் போட்டு அந்தப் பக்கம் தள்ளறாங்க. விலை கட்டுப்படியாகலேன்னா ஒரு துறை, ரோடு வேணும்னா வேற துறை. கோரிக்கையே இல்லாத மனு எங்கயும் போகாதுங்க. எந்த மேசைக்குன்னு அனுப்புவாங்க?

எங்க ஊர்ல ஒரு பெரியவரு, நல்லாப் பேசுவாரு. அவரு எழுதின மனு மூணு பக்கம் இருக்கும். அஞ்சு தலைமுறைக் கதை. கடைசியில "ஆவன செய்யுமாறு"ன்னு முடிப்பாரு. என்ன ஆவன செய்யணும்னு இருக்காது. எனக்கு அந்தப் பொண்ணு எழுத்து ரொம்பப் பிடிச்சுதுங்க, பூ வாசனை வெல்லம் மாதிரிங்கறது நிஜம். ஆனா அதை நம்பி நான் ஆட்சியர் ஆபீசுக்குப் போக மாட்டேன்.

---

பழைய திருத்தி

தோப்புக்காரர் சொன்னதுதான் முதல் விஷயம். இந்தக் கேள்வி எதை அளக்குது? தமிழ் அழகா எழுத வருமான்னு அளக்கல, தனக்கு வேணும்கிறதை ஒரு அதிகாரிக்குப் புரியுற மாதிரி, ஆதாரத்தோட கேட்க வருமான்னு அளக்குது. அந்தத் திறமை இந்தப் பொண்ணுகிட்ட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த விடைத்தாளை வெச்சு நம்மால சொல்ல முடியாது. தெரியாத ஒண்ணுக்கு 14 மார்க் கொடுத்தா, தெரியும்னு சான்று கொடுத்த மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது, 14 போட்ட சார் கணக்கை அவர் சொன்ன பங்கீட்டை வெச்சே போட்டுப் பார்ப்போம். அவர் தடுமாறின இடம் "மொழி 6". அந்த வரி வெறும் மொழின்னு நிக்கல, "பெறுபவருக்கும் நோக்கத்துக்கும் ஏற்ற நடை"ன்னு இருக்கு. ஆட்சியருக்கு எழுதுறப்போ "பூ அது"ன்னு ஒரு வாக்கியம் ஏற்ற நடையா? அருமையான வாக்கியம்தான், ஆனா இடம் வேற. தெளிவு இருக்கு, சிக்கனம் இருக்கு, அதுக்காக 2 கொடுக்கலாம். 6 எப்படி வரும்?

அமைப்பும் அப்படித்தான். மனுவோட அமைப்பு இல்லை, ஆனா பத்தி பிரிச்சிருக்கா. 1. பிழையின்மை 3, அதுல கை வைக்க எனக்கு உரிமை இல்லை. பணிக்கு 8ல 1. மொத்தம் 7.

கவனிங்க, தண்டனைன்னு நான் எதையும் கழிக்கல. எழுதி வெச்ச பங்கீட்டை எழுதினபடி படிச்சாலே 7தான் வருது. பெரும்பாலான இடத்துல தப்பு நடக்கிறது இங்கேதான். நாம மொழிங்கிற கட்டத்துக்கு வர்றப்போ நல்ல எழுத்துல மயங்கி, "இதுக்காவது முழுசா கொடுப்போம்"னு கொடுத்துடறோம்.

---

நள்ளிரவு வாசகன்

ஐயா, மயங்க வைக்கிறதுதானே எழுத்து?

---

பழைய திருத்தி

கதைப் போட்டின்னா மயங்கலாம் தம்பி. 14 போட்ட சாருக்கு ஒரு வேலை தர்றேன். அதே கட்டுல, சாதாரணமா எழுதுற ஒரு பையன், மனுவாவே எழுதினவன், பிழை நிறைய உள்ளவன், அவன் பேப்பரை எடுத்துப் பக்கத்துல வெச்சு மார்க்கைச் சொல்லுங்க.

---

14 போட்டவன்

எடுத்தேன். பெறுநர், பொருள் இருக்கு. 6 ரூபாய், 700 ரூபாய், ரெண்டு நாள் காத்திருப்பு மூணையும் எடுத்திருக்கான். "ஆறு ரூபாய்க்கு வித்தால் பறிச்ச கூலி கூட வருவதில்லை ஐயா" என்று எழுதியிருக்கான். கோரிக்கை: ஆலை வாசலில் டோக்கன் கொடுத்து வண்டியை வரிசைப்படி எடுக்க உத்தரவிட வேண்டும். ஆனா கோரிக்கையில் ற, ர தகராறு, ஒருமை பன்மை மயக்கம். வாக்கியம் இழுத்துக்கிட்டே போகுது.

பணி 7, அமைப்பு 3, மொழி 2, பிழையின்மை 1. 13 வருது.

பார்த்துட்டேன் ஐயா, எதுக்குக் கேட்டீங்கன்னு புரியுது. அவனுக்கு 13, அவளுக்கு 14.

---

பாலக்கோடு கணக்கு

ஹா ஹா. டோக்கன் யோசனை சொன்னவன் தோத்துட்டான்.

---

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு

அந்தப் பையன் கேட்டது எங்களுக்கு நிஜமாவே வேண்டியதுங்க. வெயில்ல வண்டி நின்னா அடியில இருக்கிற காய் நசுங்கி எடை போட்ற இடத்துல தள்ளிடுவாங்க. யாரு அவன், எந்த ஊரு?

---

பழைய திருத்தி

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா மார்க் போட்டுக் கூட்டுற முறையில இந்த ஆபத்து எப்பவும் உண்டு. ஒரு கட்டத்துல விழுந்தாலும் மத்த மூணுல ஏறிக்கலாம். அதனாலதான் சில பேர் பணியை வாசல் மாதிரி வைப்பாங்க. பணி நிறைவுல 2க்குக் கீழே போனா மொத்தம் 5க்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு. டீச்சர் மனசுல அப்படி ஒரு வரம்பு இருந்திருக்கு, அதனாலதான் 4 வந்தது. ஆனா அது கரும்பலகையில இல்லை.

---

ஓசூர் கோச்சிங்

வெளிநாட்டுத் தேர்வுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன்ங்கிறதால ஒண்ணு சேர்க்கிறேன். ஐயா சொன்ன ரெண்டு முறையும் அங்கேயும் இருக்கு.

ஜிஆர்இ, டோஃபல் ரெண்டும் வாசல் வெச்சவங்க. கொடுத்த தலைப்புக்கு விடை சொல்ல முயற்சியே இல்லைன்னா ஜிஆர்இ கட்டுரைக்கு 0, ஆங்கிலம் எவ்வளவு உசத்தியா இருந்தாலும். டோஃபல் எழுத்துப் பகுதியிலும் தலைப்பை நிராகரிச்சு எழுதினா 0ன்னு மதிப்பீட்டுக் குறிப்பிலேயே இருக்கு. ஐஇஎல்டிஎஸ் கூட்டுறவங்க. நாலு அளவுகோல், நாலுக்கும் சம பங்கு, அதுல ஒண்ணு மட்டும்தான் பணி. மத்த மூணும் 7, பணி மட்டும் 2ன்னு வெச்சுக்குங்க, சராசரி 9க்கு 5.75 வந்துடும். கேள்வியைத் தொடாத கட்டுரை பாதிக்கு மேல வாங்கிடுது.

எங்க பசங்க இதை வெச்சுக் கணக்குப் போடுவாங்க சார். மனப்பாடம் பண்ணின கட்டுரையைக் கொண்டு போய்க் கொட்டினாலும் நஷ்டம் கம்மின்னு. அதைப் பிடிக்கத் தனியா கவனிக்கிறாங்க, எப்பவும் சிக்கும்னு சொல்ல முடியாது.

---

பாலக்கோடு கணக்கு

அப்போ நான் சொன்ன பூஜ்யம் உலகத் தரம்னு ஒத்துக்குங்க.

---

பழைய திருத்தி

பாதி ஒத்துக்கறேன். அங்க பூஜ்யம் எதுக்கு? முயற்சியே இல்லைன்னா. நம்ம பொண்ணுகிட்ட முயற்சி இருக்கான்னு இன்னும் நாம பார்க்கவே இல்லை.

டீச்சர், அந்தக் கட்டுரையில கேள்வியில இருந்து வந்த ஏதாவது ஒண்ணு, ஒரு எண்ணாவது இருக்கா? கேள்வித்தாளைப் பார்க்காமலே இந்தப் பக்கத்தை எழுதியிருக்க முடியுமாங்கிறதுதான் என்னோட சோதனை. முடியும்னா வீட்டுலயே தயார் பண்ணிக் கொண்டு வந்தது. முடியாதுன்னா கேள்வியைப் படிச்சிருக்கா, படிச்சுட்டு வேற வழியில போயிருக்கா. ரெண்டுக்கும் ஒரே மார்க் போட முடியாது.

---

மத்தூர் டீச்சர்

மூணாவது பத்தியை முழுசா தட்டறேன்:

"கிலோ 6 ரூபாய் என்று தரகர் சொன்ன அன்று தாத்தா சாப்பிடவில்லை. பேசவுமில்லை. மறுநாள் வழக்கம்போல் தண்ணீர் பாய்ச்சப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மரத்துக்கு விலை தெரியாது. இதை யாராவது மேலே போய்ச் சொன்னால் நன்றாக இருக்கும்."

6 ரூபாய் என் பெட்டியில இருந்த எண். மத்த எண் எதுவும் இல்லை.

---

14 போட்டவன்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! ஒரு விவரம் இருக்கு. "யாராவது மேலே போய்ச் சொன்னால்", அதுதான் கோரிக்கை. ஒரு பொண்ணு கேட்கிற விதம் அது. பணிக்கு 3 சரிதான்.

---

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு

சார் மன்னிக்கணும். "யாராவது"ன்னா யாருங்க? எங்கயும் போகாதுன்னு மேல சொன்னேனே, அதுதான் இது. ஆனா அந்தப் பத்தியைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

---

பழைய திருத்தி

அந்த 6 ரூபாய் முக்கியம். அது வீட்டுல இருந்து வந்த கட்டுரை இல்லைங்கிறதுக்கு ஆதாரம். பூஜ்யம் என்கிற பேச்சு அதோட முடிஞ்சது. விவரத்துக்கு மூணுல 1 நியாயம். கோரிக்கைன்னா யார், என்ன செய்யணும், ரெண்டும் வேணும். இங்க யாருன்னும் இல்லை, என்னன்னும் இல்லை. ஆசை இருக்கு. ரொம்ப இளகினா அதுக்கு அரை கொடுக்கலாம், நான் கொடுக்க மாட்டேன். பணி 1தான், மொத்தம் 7ல நிக்கிறேன்.

டீச்சர், வேற மாதிரி எழுதின இன்னொரு பையன் இருக்கான்னு சொன்னீங்களே?

---

மத்தூர் டீச்சர்

ஆமா ஐயா, அவனை வெச்சுத்தான் எனக்குக் குழப்பமே. அவன் எழுதினது மனு. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், நாள், இடம், உறைமேல் முகவரி, எல்லாம் கோடு போட்டு அழகா. ஆனா விஷயம் குடிநீர். "எங்கள் பகுதியில் கடந்த ஒரு மாதமாகக் குடிநீர் சரிவர வரவில்லை, இந்நிலையில் மா விவசாயிகளும் பாதிக்கப்பட்டுள்ளனர்." "மா விவசாயிகள்"ங்கிற சொல் முதல் பத்தியில ஒரு தரம், முடிவுல ஒரு தரம். நடுவுல முழுக்க குழாய், தொட்டி, மோட்டார். நான் அவனுக்கு 9 போட்டேன்.

---

பழைய திருத்தி

மனப்பாடக் கடிதம். கைடுல இருக்கிறது. முகாம்ல திருத்தின யாருக்கும் இது தூரத்துலயே தெரியும். தலைப்புச் சொல்லை விரலால மறைச்சுட்டுப் படிச்சுப் பாருங்க. ஒரு வாக்கியமும் உடையாம நிக்குதுன்னா, அந்தச் சொல் கடைசியா ஒட்ட வெச்சது. ஒட்டின இடத்துல "இந்நிலையில்", "மேலும்"னு ஒரு இணைப்பு கட்டாயம் இருக்கும். உங்க பையன் வாக்கியத்துலயே இருக்கு பாருங்க.

இப்போ பொண்ணு கட்டுரையில "தாத்தா", "6 ரூபாய்" இதை மறைச்சா பத்தி விழுந்துடும். அதுதான் வித்தியாசம்.

இவனுக்கு வடிவம் தெரியும். பெறுநர், பொருளுக்கு 1, ஏன்னா பொருள் வரி தப்பு. விவரம் 0. கோரிக்கை 0, குழாய் கேட்டிருக்கான், நாம கேட்டது மாங்காய். அமைப்பு 3. மொழி 6ல 1, ஏன்னா நடை அவனோடது இல்லை. பிழையின்மைக்கு, மனப்பாடம்ங்கிறதால 1. மொத்தம் 6. உங்க 9 அதிகம்.

---

ஓசூர் கோச்சிங்

ஐயா, இதுல உங்களோட சேர மாட்டேன். மனப்பாடம்னு நீங்க சந்தேகப்படறீங்க, நிரூபிக்கல. மொழிக்கும் பிழையின்மைக்கும் சந்தேகத்தை வெச்சுக் குறைச்சா, நாளைக்கு இயல்பாவே கைடு மாதிரி எழுதுற பையனும் அடி வாங்குவான். அரசுப் பள்ளியில பாதிப் பேர் கைடைப் பார்த்துத்தான் தமிழ் எழுதக் கத்துக்கறாங்க. பேப்பர்ல இருக்கிறதுக்கு மட்டும் மார்க் போடணும். பொண்ணு பிழையில்லாம எழுதினதுக்கு முழு 3 கொடுத்துட்டு, இவனுக்கு 1ங்கிறது எப்படி?

---

14 போட்டவன்

சரியான கேள்வி. அந்தப் பையன் பேப்பர்ல பிழை இல்லை. நானும் பார்த்தேன்.

---

பழைய திருத்தி

பிழையின்மை 3ன்னு வெச்சா 8 வருது, பொண்ணு 7. இந்தத் தேர்வுக்கு அது ஏத்துக்கத் தக்கதுதான்னு சில பேர் சொல்லலாம், மனு வடிவமாவது தெரிஞ்சிருக்கே. என் மனசு ஒப்பல. ஆனா கோச்சிங் தம்பி சொன்னதுல ஓட்டை கண்டுபிடிக்க முடியல.

---

நள்ளிரவு வாசகன்

குழாய் கேட்டவனுக்கு 8, "மரத்துக்கு விலை தெரியாது"ன்னு எழுதினவளுக்கு 7. நான் தூங்கப் போறேன்.

---

மத்தூர் டீச்சர்

தூங்காதீங்க தம்பி, ஒரு விஷயம் கேட்கணும். இன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்டயே பேசினேன். மார்க்கைச் சொல்லல, ஏன் மனு எழுதலன்னு மட்டும் கேட்டேன். "மனு எழுதுனா தாத்தா பேரு வராதே மிஸ்"னு சொன்னா. கேள்வி புரிஞ்சிருக்கு. தெரிஞ்சே விட்டிருக்கா.

---

பாலக்கோடு கணக்கு

பார்த்தீங்களா, தெரிஞ்சே செஞ்சது. டோஃபல்ல தலைப்பை நிராகரிச்சா பூஜ்யம்னு தம்பி சொன்னாரே.

---

ஓசூர் கோச்சிங்

அது எழுத்துல தெரியணும் சார். வெளியில கூப்பிட்டுக் கேட்டு வாங்கின பதிலை வெச்சு மார்க் போடக் கூடாது. கேட்காம விட்ட மத்த பிள்ளைங்களுக்கு அது அநியாயம். அந்தப் பையனையும் கூப்பிட்டு மனப்பாடமான்னு கேட்டீங்களா?

---

பழைய திருத்தி

கோச்சிங் தம்பி சொல்றதுதான் முறை. அவ சொன்னது கற்பிக்கிறதுக்கு உதவும், மார்க்குக்கு உதவாது. ஆனா டீச்சர், அவ சொன்னதுல பாதி உண்மை, பாதி தப்பு. மனுவுல தாத்தா வரலாம். "எங்கள் தோட்டத்தில் இந்த ஆண்டு பறித்த காயை 6 ரூபாய்க்குக் கொடுத்தோம், பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதினா தாத்தா உள்ளே வந்துட்டார், ஆதாரமாவும் ஆயிட்டார். அவர் சாப்பிடாததுதான் மனுவுல வராது. அதை அவளுக்கு உட்கார்ந்து காட்டுங்க. இதே கேள்விக்கு இன்னொரு தரம் எழுதச் சொல்லுங்க, அந்த மார்க்கைத் தனியா வெச்சுக்குங்க. முதல் பேப்பர் மார்க் மாறக் கூடாது.

---

14 போட்டவன்

நான் 14ஐ விட்டுக் கொடுக்கிறேன், ஆனா 4க்குப் போக மாட்டேன். மொழிக் கட்டத்தை எழுதினபடி படிச்சா 2, அமைப்புக்கு 1ன்னு ஐயா சொன்னதை ஏத்துக்கறேன். பணிக்கு 2 வைக்கணும்கிறேன், அந்தக் கடைசி வாக்கியத்துக்கு 1. என் கணக்குல 8.

டீச்சர்கிட்ட ஒரே ஆட்சேபம்தான். உச்சவரம்பு வேணும்னா அடுத்த தேர்வுக்கு முன்னால போர்டுல எழுதுங்க. பேப்பரைப் பார்த்த பிறகு மனசுக்குள்ள வரம்பு போட்டா, அது எழுதினவளைப் பார்த்துப் போட்ட வரம்பு.

---

மத்தூர் டீச்சர்

4 குறைச்சலா இருக்கலாம். ஆனா 7ம், 8ம் எனக்கு நிம்மதியா இல்லை சார். 20க்கு 7ன்னா 35 சதவீதம், தேர்ச்சி. மனுவே எழுதாம மனு எழுதுற தேர்வுல தேர்ச்சி. டோக்கன் கேட்ட பையன் 13 வாங்கி வீட்டுக்குப் போனா, "மிஸ், அவ எழுதவே இல்லையே, அவளும் பாஸா?"ன்னு கேட்பான். அவனுக்கு என்ன சொல்றது?

அடுத்த தேர்வுக்கு இந்த வரியை மாத்தி எழுதப் பார்க்கிறேன், பார்த்துச் சொல்லுங்க:

"கோரிக்கை இல்லாத மனுவுக்கு மொத்த மதிப்பெண் 5க்கு மேல் வழங்கப்படாது."

---

பழைய திருத்தி

"கோரிக்கை"ன்னு மட்டும் வெச்சா குழாய்க்காரன் தப்பிச்சுடுவான். அவன்கிட்ட கோரிக்கை இருக்கு. "கொடுக்கப்பட்ட விவரங்களை ஒட்டிய கோரிக்கை"ன்னு போடுங்க.

---

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு

டீச்சர், டோக்கன் கேட்ட பையன் மனுவை அச்சு எடுத்துக் கொடுக்க முடியுமாங்க? பிழையை நீங்களே திருத்திக் கொடுங்க. வர்ற சீசனுக்கு எங்க ஊர் ஆளுங்க கையெழுத்து வாங்கிக் கொண்டு போறோம். எண்ணை மட்டும் நிஜ எண்ணா மாத்திக்கறோம்.

---

14 போட்டவன்

அவனுக்கு மொழி 3 போட்டு 14 ஆக்கிட்டேன். யாரும் கேட்கல, நானே மறுபடி படிச்சேன். "பறிச்ச கூலி கூட வருவதில்லை ஐயா" என்பது ஆட்சியருக்கு ஏற்ற நடைதான்.

---

ஓசூர் கோச்சிங்

சார், விவாதம் ஓடுறப்போ மார்க்கை மாத்தக் கூடாதுன்னு சொல்லணும்னு நினைச்சேன்... சரி விடுங்க, அதுக்குத் தனி இழை போடறேன்.